ஒரு சொட்டு நெய்யும் கூடாது, மீனா

தேவகோட்டை

அன்புள்ள மீனா,

உன் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது கேட்டு நிம்மதி. இங்கே வளவில் ஓடு மாற்றி முடித்துவிட்டோம், இனி மழை வந்தாலும் கவலையில்லை.

பேரனைப் பார்த்துக்கொள்ள உன் மகள் எழுதித் தந்த தாளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாயே, நிதானமாகப் படித்தேன். அதில் "பால் அலர்ஜி, பால் பொருள் வேண்டாம்" என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. குழந்தைகள் வார்டில் நர்ஸாக வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வரி போதாது. நம் வீடுகளில் அதைப் படிப்பவர்கள் பால் செரிக்காது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். செரிக்காத பிள்ளைக்குக் கொஞ்சம் மோர் விட்டால் என்ன, பருப்புச் சாதத்தில் ஒரு சொட்டு நெய் விட்டால் என்ன என்று தோன்றும். இது செரிமானக் கோளாறு இல்லை. பாலில் இருக்கும் புரதத்தை அவன் உடம்பு விஷம்போல நினைத்து எதிர்க்கிறது. அதற்குத் துளியளவு போதும். நெய்யிலும் அந்தப் புரதம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். எருமைப்பால், ஆட்டுப்பாலிலும் ஏறக்குறைய அதே புரதம்தான்.

அதனால் தாளில் பண்டங்களைப் பெயர் சொல்லி எழுது. தயிர், மோர், வெண்ணெய், நெய், பால்கோவா, பால் பவுடர் சேர்த்த பிஸ்கட், ரொட்டி. கோயில் சர்க்கரைப் பொங்கலையும் சேர்த்துக்கொள். பிள்ளையார்பட்டி போய் வருகிறவர்கள் மோதகத்தைக் கிள்ளி வாயில் வைத்துவிடுவார்கள், அதில் நெய் இருக்கும். அந்தத் தாளை அடுப்படிக் கதவில் ஒட்டி, உதவிக்கு வரும் பெண்ணுக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டு. தயிர் பிசைந்த கையாலோ கரண்டியாலோ அவனுக்கு ஊட்டக் கூடாது. அவன் சங்கு, கிண்ணம், கரண்டி மூன்றையும் தனியாக வைத்துவிடு.

பால் அலர்ஜி உள்ள பிள்ளைகளுக்கென்று டாக்டர் சொன்ன அந்தப் பவுடர் டின்னை மட்டும்தான் அவனுக்குக் கரைக்க வேண்டும். முதலில் கொதித்து இறக்கிய தண்ணீரை அளந்து ஊற்று, பிறகு டின்னுக்குள் இருக்கும் கரண்டியால் தலை தட்டி அளந்து போடு. எத்தனை கரண்டி என்று டின்னிலேயே இருக்கும். வயிறு நிறையட்டும் என்று ஒரு கரண்டி கூட்டாதே. கொடுக்குமுன் ஆறவைத்து மணிக்கட்டில் விட்டுப் பார். குடித்து மிச்சம் வைத்ததை ஒரு மணி நேரத்துக்குமேல் வைத்திருக்காமல் கொட்டிவிடு. ஒரு வயதுவரை தேன் தொட்டு வைக்கவே கூடாது. தூங்கும்போது மல்லாக்கப் படுக்க வை, தலையணை வேண்டாம்.

அப்புறம், தாளில் இல்லாத விஷயம் ஒன்று. தவறிப்போய் ஏதாவது வாய்க்குள் போய்விட்டால் எப்படித் தெரியும்? பெரும்பாலும் சில நிமிடங்களில், அதிகம்போனால் இரண்டு மணி நேரத்துக்குள் தெரியும். வாயைச் சுற்றித் தடிப்பு, உடம்பில் அரிப்பு மட்டும் என்றால், டாக்டர் எழுதிக் கொடுத்த சிரப்பை அவர் சொன்ன அளவில் கொடுத்துவிட்டு மகளுக்கும் டாக்டருக்கும் போன் செய், கண்ணை அவனைவிட்டு எடுக்காதே. ஆனால் மூச்சு இழுத்தாலோ, இருமல் விடாமல் வந்தாலோ, அழுகை கரகரத்தாலோ, நாக்கு வீங்கினாலோ, வெளுத்துத் துவண்டாலோ மகளுக்குப் போன் செய்வது அப்புறம். முதல் போன் 108க்கு. சிரப் தடிப்பைக் குறைக்கும், மூச்சைக் காப்பாற்றாது. அதற்கு அட்ரினலின் ஊசிதான், தொடையில் போடுவார்கள். வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புத் தண்ணீர் புகட்டாதே.

துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டத்தான் நம் கை போகும். அப்படித் தூக்கி நிறுத்தினால் ரத்த ஓட்டம் இன்னும் குறையும். கையில் படுக்கைவாட்டில் ஏந்திக்கொள், வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் பிடி.

108இல் வீடு எங்கே என்று கேட்பார்கள். உன் வீட்டு முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். எந்தத் தெருவில் வண்டி நிற்க வேண்டும், பக்கத்தில் எந்த ஊருணி, எந்தக் கோயில் என்பதை இப்போதே தாளில் எழுதிவை, பதற்றத்தில் நாக்கு வராது. ஒருவரை வாசலுக்கு அனுப்பு. ஆஸ்பத்திரியில் "பால் அலர்ஜி, இன்னது தின்றான், இத்தனை மணிக்கு" என்று சொல். தெளிந்துவிட்டான் என்று உடனே கூட்டி வந்துவிடாதே, சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரக்கூடும். அவர்கள் விடும்வரை அங்கேயே இரு.

ராத்திரியில் அந்த ஊசி எங்கே கிடைக்கும் என்று பேரன் வருமுன்னே உங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டுவிடு. நீ புதிதாக எழுதும் தாளையும் படம் எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
வள்ளி