குழாயடிப் பலகையில் ஒரு 'நாங்கள்': அறிவிப்பு எழுதுவோருக்குத் திறந்த மடல்

பொது அறிவிப்புகளைத் தமிழில் எழுதும் அலுவலர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் எங்கள் தெருக் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பலகை வைத்தார்கள். சொட்டு நீர் படம், அதன் கீழே பெரிய எழுத்தில் "நாங்கள் தண்ணீரைச் சேமிப்போம்." குடத்தோடு வந்த அக்கா ஒருவர் அதை நின்று படித்தார். "சரி, நல்லா சேமிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் குடத்தை நிரப்பப் போனார். அவர் படித்ததில் தவறே இல்லை. சேமிக்கப் போவது பலகை வைத்தவர்கள், படிப்பவருக்கு அதில் வேலை இல்லை என்றுதான் அந்த வாக்கியம் சொல்கிறது. 'நாம்' என்று இருந்திருந்தால் அக்காவும் உள்ளே வந்திருப்பார்.

மேலே 'எங்கள் தெரு' என்று எழுதினேன். நீங்கள் அங்கே குடியிருக்கவில்லை என்பதால் அப்படி. அந்த அக்காவிடம் பேசும்போது அதே தெரு எனக்கு 'நம்ம தெரு'. தெரு மாறவில்லை, கேட்பவர்தான் மாறினார். உங்களிடம் நான் சொல்ல வந்ததே இதுதான். எத்தனை பேர், எந்தக் கூட்டம் என்று பார்த்து இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியாது. யாரிடம் சொல்கிறோம், அவர் அந்தக் கூட்டத்தில் உண்டா இல்லையா என்று பார்க்க வேண்டும். தேவாலயத்தில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். போதகரும் சபையாரும் கடவுளை நோக்கி 'எங்கள் பிதாவே' என்று ஜெபிக்கிறார்கள், ஏனென்றால் கேட்பவர் அந்தப் பிள்ளைகளில் ஒருவர் அல்லர். அதே போதகர் சபையைப் பார்த்துத் திரும்பியதும் 'நம் ஆண்டவர்' என்கிறார்.

வீட்டில் யாரும் இதில் தடுமாறுவதில்லை. "நாளைக்கு நாங்க குற்றாலம் போறோம்" என்று தங்கை போனில் சொன்னால், நம்மைக் கூப்பிடவில்லை என்று அந்த நொடியே தெரிந்துவிடும். தடுமாற்றம் எழுத்தில்தான் வருகிறது. உங்கள் மேசைக்கு வரும் ஆங்கில வாசகத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அகராதியில் முதலில் கண்ணில் படும் தமிழ்ச் சொல்லைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. "நாம் உங்கள் விண்ணப்பத்தை நிராகரித்துள்ளோம்" என்று ஒரு கடிதம் பார்த்தேன். விண்ணப்பித்தவரையும் நிராகரித்தவர்களோடு சேர்த்துவிட்ட வாக்கியம் அது. அப்படி இல்லையென்றால், அரசர் தன்னையே 'நாம்' என்று சொல்லிக்கொள்ளும் பழைய ஆணை போல ஒலிக்கும்.

சொல்லை விட்டுவிட்டு வினையை மட்டும் எழுதினால் தப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். "காலை 10 மணிக்கு அலுவலகத்தில் கூடுவோம்" என்றால் நான் வர வேண்டுமா, வேண்டாமா? இன்றைக்கு 'ஓம்' விகுதி இரண்டுக்கும் பொது. முன்பு அப்படி இல்லை. நன்னூல் இதைப் பிரித்தே வைத்திருக்கிறது: அம், ஆம் முன்னிலையாரைச் சேர்க்கும், எம், ஏம், ஓம் படர்க்கையாரைச் சேர்க்கும். 'உண்டனம்' என்றால் நானும் நீயும், 'உண்டோம்' என்றால் நானும் அவனும். அந்த வேறுபாட்டை வினை இழந்துவிட்டதால், இப்போது பெயர்ச்சொல் ஒன்றுதான் அதைத் தாங்குகிறது. அதனால் பொருள் மயங்கும் இடத்தில் அதை விடாதீர்கள்.

ஒரு குழாய் வேலை அறிவிப்பை எடுத்துக்கொள்வோம். அலுவலகம் எழுதினால்: "செவ்வாய்க்கிழமை நாங்கள் பழைய குழாய்களை மாற்றுகிறோம். அன்று உங்கள் பகுதிக்குத் தண்ணீர் வராது. முதல் நாளே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்." இதையே குடியிருப்போர் சங்கம் எழுதினால்: "செவ்வாய்க்கிழமை குழாய்களை மாற்றுகிறார்கள். அன்று நம் பகுதிக்குத் தண்ணீர் வராது. நாம் முதல் நாளே பிடித்து வைத்துக்கொள்வோம்." செய்தி ஒன்றுதான். ஆனால் சங்கத்தின் 'நம்' என்ற சொல்லை அலுவலகம் எடுத்துப் போட்டால் பொய்யாகிவிடும், எழுதிய பொறியாளர் வீட்டில் அன்று தண்ணீர் வரும்.

இங்கே எனக்கு ஒரு கவலை. கனிவாக இருக்கட்டும் என்று எல்லா இடத்திலும் 'நாம்' போடும் பழக்கமும் பரவுகிறது. விருந்தாளியிடம் "நம்ம வீடுதான், உட்காருங்க" என்பது உபசாரம். அந்த வார்த்தையில் வீட்டுக்காரர் எதையோ கொடுக்கிறார். "நாம் கட்டணத்தை உயர்த்தியுள்ளோம்" என்று எழுதும்போது எதுவும் கொடுக்கப்படவில்லை, பொறுப்பை மட்டும் படிப்பவர் தலையில் ஏற்றுகிறார்கள். முடிவு எடுத்தவர்கள் நீங்கள் என்றால் 'நாங்கள்' என்றே எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் வாக்கியத்தில் "நீங்களும் நாங்களும் சேர்ந்து" என்று போட்டுப் படித்துப் பாருங்கள். பொருள் நின்றால் 'நாம்'. "நீங்கள் இல்லாமல்" என்று போட்டால்தான் நிற்கிறது என்றால் 'நாங்கள்'. மொழிபெயர்ப்புக்கு வாசகம் அனுப்பும் அலுவலர்களே, யார் யாரிடம் சொல்வது என்று மேலே ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் மொழிபெயர்ப்பவர் ஊகம்தான் செய்ய முடியும்.

எங்கள் குழாயடிப் பலகை இன்னும் அப்படியே இருக்கிறது. மூன்றெழுத்தை அழித்து ஓரெழுத்து எழுதினால் போதும்: 'நாங்கள்' என்பதில் 'ங்கள்' போய், 'ம்' வர வேண்டும்.

அன்புடன்,
அச்சகம் ஒன்றின் மெய்ப்புத் திருத்துநர்