எந்தத் துண்டு இரண்டிலும் சரியாக அமரும்?

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டுக்குப் பக்கத்திலேயே இடமாற்றம் கிடைத்ததில் எனக்கும் நிம்மதி. அம்மாவுக்குக் கால்வலி இப்போது தேவலையா?

1/2 + 1/3 போட்டால் பாதி வகுப்பு 2/5 என்கிறது என்று எழுதியிருந்தாய். இங்கேயும் அதேதான். நான் காகிதப் பட்டையில்தான் தொடங்குகிறேன். சார்ட் தாளில் 24 செ.மீ. நீளத்துக்குப் பட்டைகள் வெட்டிக்கொள். 24 என்றால் 2, 3, 4, 6, 8, 12 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும். மூன்றாக மடிக்கத் தடுமாறும் பிள்ளை 8 செ.மீ.யில் கோடு போட்டுக்கொள்ளலாம்.

ஒரு பட்டையை வெட்டாமல் வை, அதுதான் 1. அதன் மேல் அரைத் துண்டையும், ஒட்டினாற்போல் மூன்றில் ஒரு துண்டையும் வைத்தால் கொஞ்சம் இடம்தான் மிஞ்சும். "2/5 பாதியைவிடக் குறைவு. பாதியோடு இன்னொன்றைச் சேர்த்தால் எப்படிக் குறையும்?" என்று கேள். 2/5-ஐ அவர்களே விட்டுவிடுவார்கள்.

அப்புறம்தான் முக்கியமான கேள்வி: இரண்டு துண்டுகளையும் தனித்தனியாக, மிச்சமில்லாமல் நிரப்பும் ஒரே அளவுத் துண்டு எது? நான்கில் ஒன்று அரையில் அமரும், மூன்றில் ஒன்றில் அமராது. ஆறில் ஒன்று இரண்டிலும் அமரும்: அரையில் 3, மூன்றில் ஒன்றில் 2. பட்டைக்குக் கீழேயே 3/6 + 2/6 = 5/6 என்று எழுதச் சொல்.

"தனித்தனியாக" என்பதை விட்டுவிடாதே. மொத்த நீளத்தை மட்டும் பார்த்தால் 1/3 + 1/6 சரியாகப் பாதியாகிவிடும், 2-தான் பொதுப் பகுதி என்று பிள்ளைகள் முடிவுகட்டுவார்கள். விடை 1/2 சரிதான், ஆனால் மூன்றில் ஒன்றுக்குள் அரைத் துண்டு நுழையாதே!

அடுத்து 1/4 + 1/6. இதற்கு ஒரு முழுப் பாடவேளை கொடு. சிலர் 4-ஐயும் 6-ஐயும் பெருக்கி, 1 செ.மீ. துண்டுகளை வைத்து 10/24 என்பார்கள். சிலர் 2 செ.மீ. துண்டுகளால் 5/12 என்பார்கள். இரண்டும் ஒரே நீளம் என்று பட்டையே காட்டிவிடும். இரண்டிலும் அமரும் துண்டுகளில் பெரியது எது என்று கேட்டால் பன்னிரண்டில் ஒன்று கிடைக்கும். மீச்சிறு பொது மடங்கு என்ற பெயரை அப்போது சொன்னால் போதும். நான்கில் ஒன்றை 3 ஆக மடித்தால் மொத்தப் பட்டையும் 12 ஆகிறது, அதனால்தான் மேலும் கீழும் 3-ஆல் பெருக்குகிறோம் என்பதும் மடிப்பிலேயே தெரியும்.

2/3 + 3/4 கொடுக்கும்போது கவனி. கூடுதல் இரண்டாம் பட்டைக்குள் போகும். இரண்டு பட்டையிலும் சேர்த்து 24 கட்டங்களை எண்ணி 17/24 என்று எழுதுவார்கள். எது 1 என்பதை அங்கே திரும்பவும் தொட்டுக் காட்ட வேண்டும். விடை 17/12, அதாவது ஒரு முழுசும் 5/12-உம்.

கடைசியாக 1/5 + 1/7 கொடு. 24 செ.மீ. பட்டை இதற்கு உதவாது. சில பிள்ளைகள் பட்டையைத் தள்ளி வைத்துவிட்டு 35 என்று தாங்களே எழுதுவார்கள். அவர்களுக்கு இனிப் பட்டை வேண்டாம். மற்றவர்களை அவசரப்படுத்தாதே.

உன் வகுப்பு 1/4 + 1/6-இல் என்ன செய்தது என்று எழுது.

அன்புடன்,
கலா