பொருள்: சமவாய்ப்புச் சான்றிதழோடு விற்ற பகடை ஒருபக்கமாகச் சாய்வது குறித்துப் புகார்

அனுப்புநர்: புள்ளியியல் ஆசிரியை, தமிழ் வழி மேல்நிலைப் பிரிவு, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.
பெறுநர்: மேலாளர், ஆய்வகக் கருவி விற்பனை நிறுவனம், கோயம்புத்தூர்.

ஐயா,

தங்கள் பகடைப் பெட்டியைப் பற்றித் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. நேரில் வரச் சொன்னீர்கள். வேலந்தாவளம் வழியாக பஸ் பிடித்து, வெயிலில் வந்து நின்றால் "சனிக்கிழமை பழுது பார்க்கும் பிரிவு கிடையாது" என்றார்கள். வரச் சொன்னதே தாங்கள்தான். பகடைக்கு என்ன பழுது பார்ப்பார்கள் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பெட்டியில் உள்ள சிவப்புப் பகடையை மாணவர்கள் 600 தடவை வீசினார்கள். பிளாஸ்டிக் டம்ளரில் குலுக்கி, பலகையில் மோதித் திரும்பும்படி வீச, இருவர் தனித்தனியாகக் குறித்தார்கள். முதன்முதலில் சந்தேகத்தைக் கிளப்பிய வீச்சுகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, புதிதாகத் தொடங்கினோம். 1 முதல் 6 வரை முறையே 72, 98, 103, 94, 102, 131 தடவை விழுந்தன. நேர்மையான பகடையில் ஒவ்வொன்றும் 100 அளவில் விழ வேண்டும். 1900இல் கார்ல் பியர்சன் வெளியிட்ட கை வர்க்கச் சோதனையின்படி, ஒவ்வொரு முகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி, எதிர்பார்த்த 100ஆல் வகுத்துக் கூட்டினோம். 1க்கு 7.84. 6க்கு 9.61. மற்ற நான்கும் சேர்ந்து வெறும் 0.53. மொத்தம் 17.98. ஆறு முகத்தில் ஒன்று குறைய வரும் ஐந்து கட்டின்மைக் கூறுகளுக்கு அட்டவணை தரும் எல்லை, 5 விழுக்காட்டில் 11.07, 1 விழுக்காட்டில்கூட 15.09தான். நேர்மையான பகடை இவ்வளவு விலகிப்போவது ஆயிரத்தில் மூன்று தடவை அளவுக்கே நடக்கும்.

இதற்குத் தங்கள் தொழில்நுட்பப் பிரிவு அனுப்பிய பதிலைப் படித்து எனக்குத் தலை சுற்றியது. எங்கள் எண்ணிக்கைகளை விழுக்காடுகளாக மாற்றி, 12, 16.3 என்று சூத்திரத்தில் போட்டு, 3.00 என்று வரவழைத்து, "பகடை தேர்ச்சி பெற்றது" என்று எழுதியிருக்கிறார்கள். விழுக்காடாக்கினால் 600 வீச்சு 100 வீச்சாகச் சுருங்கிவிடும். விடையும் ஆறில் ஒரு பங்காகும். இந்தச் சோதனையில் எண்ணிக்கைதான் போட வேண்டும் என்பது என் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கே தெரியும். பகடை விற்கும் தங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

பெட்டியோடு வந்த சான்றிதழிலும் ஒவ்வொரு பகடையையும் 60 தடவை வீசிப் பார்த்ததாக இருக்கிறது. இதே அளவு சாய்ந்த பகடையை 60 தடவை வீசினால் பெரும்பாலும் 11.07ஐ எட்டாது. குறை அகப்படவில்லை என்பதற்கும் குறை இல்லை என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

காரணத்தையும் நாங்களே பார்த்தோம். முகங்களுக்கு இடையிலான தூரத்தை வெர்னியரில் அளந்தோம். மூன்று திசையிலும் ஒன்றாகவே இருந்தது. 1க்கும் 6க்கும் இடையில் தட்டையாக இருந்திருந்தால் இரண்டுமே அதிகம் விழுந்திருக்கும். இங்கே 6 ஏறி, அதற்கு நேர் எதிரே உள்ள 1 இறங்கியிருக்கிறது. எடை நடுவில் இல்லை என்பதற்கு அதுவே அடையாளம். புள்ளிகளை நகம் இறங்கும் ஆழத்துக்குக் குடைந்திருக்கிறீர்கள். ஆறு குழி உள்ள முகம் இலேசாகி மேலே வருகிறது. ஒரே குழி உள்ள முகம் கனத்துக் கீழே போகிறது. உள்ளே காற்றுக் குமிழ் இருக்கிறதா என்பதை அறுத்துப் பார்த்துத் தாங்கள்தான் சொல்ல வேண்டும். ஆங்கிலேய விலங்கியலாளர் வெல்டன் 12 பகடைகளை 26,306 தடவை வீசிய பழைய பதிவிலும் 5, 6 ஆகியவைதான் கூடுதலாக விழுந்தன. ஆனால் அந்தச் சாய்வு நூற்றில் அரைப் பங்குகூட இல்லை. தங்களுடையதில் 6 மட்டுமே நூற்றுக்கு ஐந்து அதிகம்!

மறுபடியும் அந்தச் சனிக்கிழமைக்கே வருகிறேன். கவுண்டரில் இருந்தவர் என் அட்டவணையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "கேரளாக்காரர்தானே? லாட்டரிச் சீட்டு எடுங்கள் டீச்சர், பகடையில் என்ன கிடைக்கப்போகிறது?" என்று பலர் முன்னால் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். லாட்டரிக் குலுக்கலின் கடைசி இலக்கங்களையும் இதே சோதனையால் சோதிக்கலாம். பத்து இலக்கம், ஒன்பது கட்டின்மைக் கூறு, எல்லை 16.92. அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் முதலில் பகடையில் தொடங்கினேன். அந்தப் பாடமே பாழாகிவிட்டது. ஒரு வகுப்பின் நம்பிக்கையையே தாங்கள் குலைத்துவிட்டீர்கள்.

தங்கள் நிறுவனத்தின் மீது மரியாதை உண்டு. இன்றும் பணிவோடுதான் கேட்கிறேன். பெட்டியின் முழு விலையைத் திருப்பித் தர வேண்டும். அந்த ஊழியர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். சான்றிதழ் வாசகத்தைத் திருத்த வேண்டும். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் குடியிருக்கும் பாலக்காடு மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுப்பேன். பகடையும் வீச்சுப் பதிவேடும் தங்கள் 3.00 கணக்கும் அங்கே சாட்சியாக வரும்.

இப்படிக்கு,
புள்ளியியல் ஆசிரியை