திகதி குறிப்பதற்கு முன் இன்னொருவரையும் கேள்

அன்புள்ள மகளுக்கு,

22ஆம் கிழமையிலேயே டொக்டர் "முதல் பிள்ளை சிசேரியன், அதனால் இதுவும் சிசேரியன்தான்" என்று சொல்லிவிட்டார் என்றாய். போனில் அவசரமாகச் சொல்லக்கூடிய விஷயமில்லை இது. அதனால்தான் எழுதுகிறேன். இத்தனை வருடம் பிரசவ வார்டில் நின்றவள் என்ற உரிமையோடும் எழுதுகிறேன்.

அவர் சொன்னது பிழை என்று நான் சொல்லவில்லை. காரணம் சொல்லாமல் சொன்னதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. சின்னவன் தலை கீழே திரும்பாமல் இருந்ததால்தான் உனக்கு வெட்டினார்கள். அது அந்தப் பிள்ளை கிடந்த விதம். இந்தப் பிள்ளை தலை கீழாக வந்தால் அந்தக் காரணமே இல்லை. உன் போன்றவர்கள் நோவு வந்து தானாகப் பெற முயன்றால், நூறு பேரில் 72 முதல் 75 பேருக்கு அது கைகூடுகிறது. பழைய தையல் கருப்பையில் பிரியும் ஆபத்தும் உண்டு. ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு அப்படி நடக்கும். அது குறைவுதான், ஆனால் நடந்தால் நிமிடக் கணக்கில் தியேட்டருக்குள் போக வேண்டும்.

ஆகவே முதலில் உன் பழைய டயக்னோசிஸ் கார்டைத் தேடி எடு. வயிற்றில் தெரியும் தழும்பை வைத்து உள்ளே எப்படி வெட்டினார்கள் என்று சொல்ல முடியாது. கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டியிருந்தால் முயன்று பார்க்கலாம். மேலிருந்து கீழாக நீளமாக வெட்டியிருந்தால் பேச்சே இல்லை, சிசேரியன்தான். அந்தக் கார்டையும் இந்த முறை எடுத்த ஸ்கான்களையும் கொண்டுபோய் இன்னொரு மகப்பேற்று நிபுணரைச் சனல் பண்ணு. முதல் டொக்டரைக் குறை சொல்லாதே. "எனக்குத் தானாகப் பெறும் வாய்ப்பு இருக்கிறதா, இல்லையென்றால் எதனால்?" என்று மட்டும் கேள். இரண்டு பேரும் ஒரே காரணத்தைச் சொன்னால் மூன்றாவது ஆளைத் தேடி அலைய வேண்டாம். எல்லாம் கேட்டபிறகு உனக்கே சிசேரியன்தான் வேண்டும் என்று தோன்றினால் அதுவும் சரி. வேறு சிக்கல் இல்லாவிட்டால் வழக்கமாக 39ஆம் கிழமையளவில்தான் திகதி வைப்பார்கள். அதற்கு முன்னரே வைத்தால் ஏன் என்று கேள்.

டொக்டரைத் தெரிவு செய்வது என்றால் அவர் பிரசவம் பார்க்கும் இடத்தையும் சேர்த்துத் தெரிவு செய்வதுதான். மாலையில் சனல் சென்டரில் பார்ப்பவரே, அரசாங்க ஆஸ்பத்திரியில் இரவு இரண்டு மணிக்கு உன் கட்டிலருகே நிற்பார் என்று நினைக்காதே. அந்த நேரம் வார்டில் கடமையில் இருப்பவர்கள்தான் பார்ப்பார்கள். இரவிலும் தியேட்டரும் மயக்க மருந்து டொக்டரும் கிடைக்குமா, இரத்த வங்கி இருக்கிறதா, பிறந்த குழந்தைக்கான விசேட பிரிவு இருக்கிறதா, நோவு நேரம் முழுக்கக் குழந்தையின் இதயத் துடிப்பை மெஷினில் பார்ப்பார்களா என்று கேள். தையல் பிரியும்போது பல வேளைகளில் அந்தத் துடிப்புத்தான் முதலில் மாறும். இதற்கெல்லாம் நேராகப் பதில் சொல்கிறவர் எனக்குப் போதும். பெரிய பெயர் தேவையில்லை.

இதை இப்போதே சொல்வதற்குக் காரணம் உண்டு. 28ஆம் கிழமை வரை மாதம் ஒருமுறைதான் கிளினிக். அதற்குப் பிறகு 36 வரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை, பின்னர் பெறும்வரை ஒவ்வொரு கிழமையும். கடைசி மாதங்களில்தான் பிரஷர் திடீரென ஏறும், குழந்தையின் வளர்ச்சி பிந்துவது தெரியவரும், தலை எந்தப் பக்கம் என்பதும் உறுதியாகும். அதனால்தான் அப்படி நெருக்கமாகக் கூப்பிடுகிறார்கள். சீனி பார்க்கும் பரிசோதனை 24க்கும் 28க்கும் இடையில் வரும், அதைத் தவறவிடாதே. இன்னொருவரைக் கேட்க இந்த இடைவெளிதான் நல்லது. எப்படிப் பெறுவது என்ற முடிவு 36ஆம் கிழமைக்குள் உன் அட்டையில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பெறுவதற்குத் திருகோணமலைக்கு வருவதாக இருந்தால் 34ஆம் கிழமைக்கு முன் வந்துவிடு. கொழும்பிலிருந்து ஹபரணை, கந்தளாய் வழியாக அவ்வளவு தூரம் கடைசி மாதத்தில் வேண்டாம். வந்ததும் நம் பகுதி மிட்வைஃபிடம் பதிந்து, அட்டையோடு இங்கே பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறேன்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதே. இரத்தம் பட்டாலோ, பன்னீர்க்குடம் உடைந்தாலோ, தலையிடியோடு கண் மங்கினாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, தழும்புப் பக்கம் விடாமல் வலித்தாலோ, யாரையும் சனல் பண்ணிக்கொண்டு நிற்காதே. கிட்ட இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அந்த நேரமே போ. மருமகனிடமும் இதை வாசித்துக் காட்டு.

கார்டு கிடைத்ததும் போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா