புகை வராவிட்டால் எண்ணெய் நல்ல எண்ணெயா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சமையல் குறிப்புப் பக்கத்தில் கட்டம் கட்டி ஒரு யோசனை போட்டிருந்தீர்கள். "சூரியகாந்தி எண்ணெயின் புகைநிலை அதிகம் என்பதால், பொரித்த எண்ணெயை வடிகட்டித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். புகை வராத வரை எண்ணெய் கெடவில்லை என்று அர்த்தம்." எழுதியவர் பெயர் இல்லை. ஆசிரியர் குழுவின் யோசனை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

வழக்கம்போல் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்பேன். என் நாத்தனார் விடவில்லை. முறுக்கு சுட்டு மீந்த எண்ணெயைத் தூக்குவாளியில் மூடி வைத்து, அதிலேயே அப்பளம், அதிலேயே பஜ்ஜி, பிறகு அதிலேயே தாளிப்பு என்று ஓட்டுகிறவள். போதும் கொட்டு என்று நான் எப்போது சொன்னாலும் சண்டைதான். இந்த முறை உங்கள் இதழையே விரித்து நீட்டினாள். "மதினி, பத்திரிகையிலயே போட்டுருக்கான். நீங்க என்னமோ ஆய்வுக்கூடத்துல கிழிச்சேன்னு சொல்லுவீகளே" என்றாள். எண்ணெய் ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்தக் கட்டத்தின் முன் என் சர்வீஸ் எல்லாம் செல்லாக்காசு.

எண்ணெய் புகையத் தொடங்கும் சூடுதான் புகைநிலை. அது எண்ணெயின் பிறவிக் குணம் என்று நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். எண்ணெய் மூலக்கூறு மூன்று பல் உள்ள சீப்பு மாதிரி. முதுகு கிளிசரால், பற்கள் மூன்றும் கொழுப்பு அமிலங்கள். மாவில் இருக்கும் தண்ணீர் கொதிக்கும் எண்ணெயில் படும்போது இந்தப் பற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன. அப்படிக் கழன்றதைத் தனிக் கொழுப்பு அமிலம் என்போம். ஆய்வுக்கூடத்தில் சுருக்கமாக எஃப்.எஃப்.ஏ. முழு எண்ணெய் மூலக்கூறு எளிதில் ஆவியாகாது. கழன்ற அமிலம் அதைவிடச் சுலபமாக ஆவியாகும். எண்ணெயிலிருந்து முதலில் கிளம்பும் நீலப் புகையில் பெரும்பங்கு இதுதான். ஆகவே கழன்ற அமிலம் எவ்வளவு இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் புகைநிலை.

கணக்காகவே சொல்கிறேன். நன்றாகச் சுத்திகரித்த புதிய எண்ணெயில் தனிக் கொழுப்பு அமிலம் 0.05 சதவீதம் என்று வையுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம், அதில் அரை கிராமுக்கும் குறைவு. அது 215 டிகிரி செல்சியஸுக்கு அருகில் புகையும். அதே எண்ணெயில் தனி அமிலம் 0.5 சதவீதம் ஆகும்போது லிட்டருக்கு நாலரை கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். புகைநிலை ஏறத்தாழ 177 டிகிரிக்கு இறங்கிவிடும். ஒரு சதவீதம் ஆனால் 160. வடை வேகும் சூடு 170 முதல் 180 வரை. ஒரு லிட்டரில் ஒரு டீஸ்பூன் கழன்ற அமிலம் சேர்ந்தால் போதும், வடை போடும் சூட்டிலேயே எண்ணெய் புகையத் தொடங்கிவிடும். நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும் அந்த உயர்ந்த புகைநிலை, பாக்கெட்டைப் பிரித்த அன்று இருந்தது. மீந்த எண்ணெயோடு புதுசை ஊற்றிச் சரிக்கட்டலாம் என்பவர்களுக்கும் இதே கணக்குத்தான். பாதிக்குப் பாதி கலந்தாலும் பழசின் அமிலம் எங்கும் போய்விடாது.

இதை நான் ஏட்டில் படித்துவிட்டு எழுதவில்லை. எங்கள் ஆலை கேன்டீன் எண்ணெயை நாங்களே சோதித்ததுண்டு. எடைபோட்ட எண்ணெயில் சூடான ஆல்கஹாலை ஊற்றி, இரண்டு சொட்டு பினாப்தலீன் விட்டு, பியூரெட்டிலிருந்து காஸ்டிக் சோடா கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். இளஞ்சிவப்பு அரை நிமிடம் கலையாமல் நின்றால் கழன்ற அமிலம் தீர்ந்தது, கணக்கு முடிந்தது. புது எண்ணெயில் சில சொட்டு இறங்கியதுமே சிவந்துவிடும். கேன்டீன் எண்ணெய்க்குப் பியூரெட்டில் கரைசல் இறங்கிக்கொண்டே போகும். எண்ணெய் கறுத்திருப்பதால் நிறமும் தெரியாது, அடியில் வெள்ளைத் தாளை வைத்துக் குனிந்து பார்க்க வேண்டும். புகைநிலைச் சோதனை வேறு. காற்று வீச்சு படாத கறுப்புப் பெட்டிக்குள் பித்தளைக் கிண்ணத்தில் எண்ணெயைக் காய்ச்சி, விளக்கு வெளிச்சத்தில் நீலப் புகை விடாமல் இழையோடத் தொடங்கும் சூட்டைக் குறிப்போம். அதிலேயே இரண்டு பேர் பார்த்தால் சில டிகிரி முன்னே பின்னே வரும். அடுப்படியில், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட, வடையிலிருந்து வெள்ளை நீராவி கிளம்பும்போது, புகை வந்ததா வரவில்லையா என்று எங்கள் நாத்தனார் எதை வைத்துக் கண்டுபிடிப்பாள் என்று உங்கள் யோசனைக்காரர் சொல்லட்டும்.

புகைநிலையைத் தாண்டினால் நடப்பது இன்னொரு கதை. பற்களை இழந்த கிளிசரால் கடும் சூட்டில் இரண்டு நீர் மூலக்கூறுகளை விட்டுவிட்டு அக்ரோலின் ஆகிறது. C3H8O3 → C3H4O + 2H2O. அக்ரோலின் கொதிநிலையே 53 டிகிரிதான். பிறந்தவுடன் காற்றில் ஏறிவிடும். எண்ணெய் தீய்ந்ததும் கண் எரிந்து தண்ணீர் கொட்டி, தொண்டை கமறுகிறதே, அதற்கு இது முக்கியக் காரணம். லினோலெனிக் அமிலம் உள்ள எண்ணெய்களில், கிளிசரால் இல்லாமலேயே, ஆக்சிஜனேற்றத்தின் வழியாகவும் இது உண்டாகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அக்ரோலினை மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. உயர்சூட்டில் பொரிக்கும்போது எழும் புகைக்கும் அதே பிரிவுதான்.

என் உண்மையான கோபம் புகையைப் பற்றியது அல்ல, புகையாதவற்றைப் பற்றியது. 180 டிகிரியில், ஒரு இழை புகை இல்லாமலே, எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துகொண்டிருக்கிறது. முதலில் ஹைட்ரோபெராக்சைடு உண்டாகும். அந்தச் சூட்டில் அது நிற்காது, உடனே உடைந்து ஆல்டிஹைடு என்னும் சிறு மூலக்கூறுகளாகும். இதனால்தான் பொரித்த எண்ணெயில் பெராக்சைடு அளவு குறைவாக இருக்கிறது, ஆகவே எண்ணெய் நல்லது என்று யாராவது காட்டினால் நான் நம்பமாட்டேன். சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி, 60 சதவீதத்துக்கு மேல்கூட, லினோலெயிக் அமிலம். அதில் ஆக்சிஜனுக்கு இடம் கொடுக்கும் இரட்டைப் பிணைப்பு இரண்டு. ஒன்றே உள்ள ஒலெயிக் அமிலத்தைவிட அது ஏறத்தாழ பத்து மடங்கு வேகமாக ஆக்சிஜனோடு சேரும். அது உடைந்து ஹெக்சனால் வரும், 2,4-டெக்காடையீனால் வரும், 4-ஹைட்ராக்சிநோனீனால் வரும். வடைக்கடை வாசலில் நம்மை நிறுத்தும் அந்தப் பொரித்த வாசனையில் டெக்காடையீனாலுக்குப் பெரும் பங்குண்டு. கொஞ்சம் உடைந்தால்தான் மணம். ஹைட்ராக்சிநோனீனாலுக்கு அந்தப் பெருமையும் இல்லை. உடலிலுள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும் நச்சு அது.

உடையாமல் ஒன்றோடொன்று பிணைந்து கனத்துப்போகும் மூலக்கூறுகளும் உண்டு. வாணலி விளிம்பில் தேய்த்தாலும் போகாத மஞ்சள் பிசின் படிகிறதே, அது இதுதான். எண்ணெய் கெட்டியாகிறது, மாவைப் போட்டால் பொங்கும் நுரை அடங்கமாட்டேன் என்கிறது. இந்தக் கனத்த பொருட்கள் ஆவியாவதே இல்லை. ஆவியாகாதது புகையில் எப்படி ஐயா தெரியும்? இவற்றையும் கழன்ற அமிலம் முதலானவற்றையும் சேர்த்து மொத்த போலார் காம்பவுண்ட் என்று அளந்து, 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலையிலிருந்து விதித்திருக்கிறது. புகை என்ற சொல் அந்த வரம்பில் இல்லை.

மறுபக்கமும் பாருங்கள். சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய் 175 டிகிரி வாக்கிலேயே புகைந்துவிடும். உங்கள் கணக்குப்படி மோசமான எண்ணெய். ஆனால் அதில் லினோலெயிக் அமிலம் இரண்டு சதவீதம் அளவுதான், ஆல்டிஹைடு குறைவாகவே வரும். அதற்காக அடுத்த இதழில் "தேங்காய் எண்ணெயே அமிர்தம்" என்று போட்டுவிடாதீர்கள். அதில் நிறைகொழுப்பு 90 சதவீதம், அது வேறு வழக்கு. போன வருடம் செக்கெண்ணெய் ஒன்றே உயிர் காக்கும் என்று நான்கு பக்கம் எழுதிவிட்டு, அதே இதழின் பின்னட்டையில் ரீஃபைண்டு எண்ணெய் விளம்பரம் போட்ட தைரியம் உங்களுக்குத்தான் வரும்.

பழைய கணக்கு இன்னும் இருக்கிறது. கறுத்த எண்ணெயில் உருளைக்கிழங்குத் துண்டைப் போட்டு எடுத்தால் புதுசாகிவிடும் என்று ஒருமுறை போட்டீர்கள். கிழங்கில் கொஞ்சம் கசடு ஒட்டிக்கொள்ளும், கழன்ற அமிலம் அப்படியே இருக்கும். ஈரக் கிழங்கு தன் பங்குக்குத் தண்ணீரை விட்டு இன்னும் நாலு பல்லைக் கழற்றும். அப்போதே எழுதினேன். டிகிரி, சதவீதம் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, மரியாதைக்காக நான் சேர்த்திருந்த "தங்கள் சமையல் பக்கம் அருமை" என்ற ஒரே வரியை என் பெயரோடு வெளியிட்டீர்கள். தெருவில் பாராட்டினார்கள்.

"எண்ணெய் புகை வரும்வரை காய்ந்ததும்" என்று எல்லாச் சமையல் குறிப்பும் தொடங்குகிறதே, அதுவும் எங்கிருந்து வந்ததோ. வங்காளத்தில் கடுகெண்ணெயின் நெடி போக அப்படிக் காய்ச்சுவார்கள். கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் போக வேண்டிய நெடி எது?

தங்களுக்குத் தெரியாதது எதுவும் இதில் இல்லை என்று அறிவேன். நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவு கட்டத்தில் இப்படிப் போடுங்கள்: "மாவு போடும் முன்பே எண்ணெய் நீலமாகப் புகைந்தாலோ, நுரை அடங்காமல் நின்றாலோ, கெட்டியானாலோ அதைக் கொட்டிவிடவும். புகை வராதது மட்டும் எண்ணெய் நன்றாக இருக்கிறது என்பதற்கு அடையாளம் ஆகாது." நாத்தனார் கட்டம் கட்டியதை மட்டும்தான் படிப்பாள்.

சமையல் பக்கம் அருமை என்ற வரியை இந்த முறை நான் எழுதவில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
விருதுநகர்