பாப்பாவோட சார்ட்டு

கண்ணு, நல்லா இருக்கியா சாமி, சாப்பாடெல்லாம் நேரத்துக்கு சாப்பிடறியா. இங்க கொழிஞ்சாம்பாறையில துலாமாச மழை விட்டு விட்டு பெய்யுது, அம்மாவும் பாப்பாவும் நல்லா இருக்காங்க. போன்லயே சொல்லிரலாம்னு பாத்தேன், ஆனா நீ ட்யூட்டி முடிச்சு கூப்பிடற அந்த கொஞ்ச நேரத்துல சொல்லி முடியற விஷயமில்ல, அதான் உக்காந்து டைப் பண்றேன்.

பாப்பா ஸ்கூல்ல எக்ஸிபிஷன். அவ எடுத்துக்கிட்டது ஜானகி அம்மாளைப் பத்தி. 1897ல தலச்சேரியில பொறந்தவங்க, செடிகளோட குரோமோசோம பாக்கற சயின்டிஸ்ட். 1934ல நம்ம பக்கத்து கோயம்புத்தூர்ல, கரும்பு இனப்பெருக்க நிலையத்துல வேலைக்கு சேந்தாங்க. கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து ஒரு செடி உண்டாக்கி பாத்தாங்களாம். அப்புறம் லண்டன் போயி டார்லிங்டன்ங்கறவரோட சேந்து 1945ல பயிர்செடிகளோட குரோமோசோம் கணக்கெல்லாம் ஒரே புத்தகமா போட்டாங்க. வயசான காலத்துல சைலண்ட் வேலியில அணை கட்டக்கூடாதுன்னும் குரல் குடுத்திருக்காங்க, நம்ம பாலக்காடு ஜில்லாக்காரங்க அதுக்காகவே அவங்கள தெரிஞ்சு வெச்சிருக்கணும். பாப்பா வாரம் பூரா எழுதினா, கரும்பு படமும் ஆத்தோரத்து நாணல் படமும் வரைஞ்சு, இதையும் அதையும் கலந்தாத்தான் நம்ம ஊரு வெயிலுக்கும் வறட்சிக்கும் தாங்கற கரும்பு கெடச்சதுன்னு அம்புக்குறி போட்டு காட்டியிருந்தா.

முந்தின நாள் ராத்திரி சாப்பிட்டு முடிச்சு சார்ட்ட தரையில விரிச்சு வெச்சு கடைசியா ஒருக்கா பாத்துக்கிட்டிருந்தா, திடீர்னு சத்தமே காணோம். போயி பாத்தா மேல பெரிய எழுத்துல, பெர்மனன்ட் மார்க்கர்ல, "ஜானகி அம்மால்"னு இருக்கு. ஒரு தோழி எழுதிக் குடுத்த நோட்ட பாத்து அப்படியே எழுதியிருக்கா. படத்துக்கு கீழயும் அதே தப்பு, நடுவுல பாராவுலயும் அதே தப்பு. தலைப்புல மட்டும் பாத்துட்டு விட்டிருந்தா மத்த ரெண்டும் தப்பிச்சிருக்கும், அவ என்ன பண்ணினான்னா சார்ட்ட கீழ்வரியில இருந்து மேல நோக்கி ஒவ்வொரு வார்த்தையா வெரல் வெச்சு படிச்சா. முன்னாடி இருந்து படிச்சா நம்ம மனசே சரியான எழுத்த போட்டு படிச்சிட்டு போயிரும், பின்னாடி இருந்து படிச்சா கண்ணுக்கு எழுத்து மட்டும்தான் தெரியும். போர்டு எழுதறப்ப நான் அப்படித்தான் பாப்பேன், அத அவ எப்பவோ பாத்து கத்து வெச்சிருக்கா.

அம்மா சொன்னா, ஒரு எழுத்துதானே யாரு பாக்கப்போறாங்க, படுடின்னு. பாப்பா கேக்கல. "அவங்க பேர சொல்றதுக்குத்தானே இந்த சார்ட்டே, அதுவே தப்பா இருந்தா என்ன அர்த்தம்பா"ன்னா. எனக்கு அந்த வார்த்தை ரொம்ப பிடிச்சுப்போச்சு கண்ணு. இருவது வருஷத்துக்கு மேல கடைக்கும் பஸ்ஸுக்கும் தமிழும் மலையாளமுமா பேர் எழுதி சோறு தின்னவன் நான், அந்த கோவம் எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்கு தெரியும்.

மொதல்ல அவ ஒயிட்னர எடுத்தா. பொறு, வெட்டுத்துண்டுல போட்டு பாருன்னேன். சார்ட்டு வெளிர்மஞ்சள், ஒயிட்னர் வெள்ளை, பூசின எடம் தூரத்துல இருந்தே தெரியுது, அது மேல மார்க்கர் வெச்சா மை வழுக்கி எழுத்து தெளிவா நிக்கல. பிளேடால சொரண்டியும் பாத்தா. சார்ட்டு பேப்பர் நூல் நூலா எந்திரிச்சு வந்து, அது மேல எழுதின கோடு பஞ்சுல எறங்கின மாதிரி ரெண்டு பக்கமும் படருது. ல மேலயே ள எழுதிறலாம்னா ரெண்டுக்கும் வளைவே வேற, கருப்பா ஒரு கட்டிதான் மிஞ்சும்.

அப்புறம் நான் ஒரு வேலை சொல்லிக்குடுத்தேன். அதே சார்ட்டுல ஓரத்துல வெட்டி எறிஞ்ச துண்டு கெடந்துச்சு, அதத்தான் எடுக்கணும், கடையில வேற மஞ்ச சார்ட்டு வாங்கினா நெறம் கொஞ்சம் மாறிரும். அந்த துண்டுல தலைப்போட மேல்கோடு கீழ்கோடு ரெண்டையும் பென்சில்ல அளந்து போட்டுக்கிட்டா. ல் மட்டும் மாத்தினா போதாது, ள் கொஞ்சம் அகலம் கூடுதலா கேக்கும், இடுக்கி எழுதினா அங்கதான் கண்ணு போகும். அதனால "மால்"ங்கறத மொத்தமா எடுத்துட்டு "மாள்"னு எழுதச் சொன்னேன், நாலஞ்சு தடவ பழைய பேப்பர்ல எழுதிப் பாத்துட்டு அப்புறம் துண்டுல எழுதினா. மை நல்லா காயட்டும்னு விட்டோம், மழை ஈரத்துல கொஞ்ச நேரம் கூடத்தான் புடிச்சுது.

அந்த துண்ட பழைய எழுத்து மேல வெச்சு, பென்சில் கோடு ரெண்டும் சேர்றாப்புல நகத்தி, ஓரத்துல லேசா டேப் ஒட்டினா. கீழ பழைய காலண்டர் அட்ட. ஸ்டீல் ஸ்கேல் வெச்சு புது பிளேடால ரெண்டு பேப்பரையும் சேத்து ஒரே வெட்டா நாலு பக்கமும் வெட்டணும். எழுத்து மேல போகக்கூடாது, எழுத்துக்கு நடுவுல இருக்கற வெத்து எடத்துல வெட்டு போகணும். பிளேடு பழசா இருந்தா பேப்பர் இழுத்துக் கிழிஞ்சிரும். ரெண்டும் ஒரே வெட்டுல வர்றதால ஓட்டையும் துண்டும் மயிரிழை பெசகாம ஒண்ணாகும். பழைய "மால்" கழண்டு வந்துச்சு, புதுசு அந்த ஓட்டையில கச்சிதமா போயி உக்காந்துச்சு. சார்ட்ட திருப்பி, பின்பக்கத்துல பெரிய துண்டு ஒண்ணு வெச்சு ஒட்டினா. பெவிகால் வேண்டாம்னு சொன்னேன், தண்ணி எறங்கி பேப்பர் நெளிஞ்சிரும், குளூ ஸ்டிக்தான். பசை முன்பக்கம் வரவே இல்ல, அதனால மையும் கலையல. பிளேடு புடிச்சதும் அவளேதான், நான் ஸ்கேல் நகராம அழுத்திக்கிட்டேன், அவ்வளவுதான்.

படத்துக்கு கீழ இருந்தது சின்ன லேபிள், புதுசா எழுதி ஒட்டிட்டா. பாராவுல ஒரு வார்த்தைக்கு மட்டும் ஒட்டுப்போட்டா ஸ்டிக்கர் மாதிரி துருத்திக்கிட்டு தெரியும்னு அவளுக்கே தோணி, அந்த வரி மொத்தத்தையும் பட்டையா எழுதி இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒட்டினா. அப்புறம் மேல பழைய நியூஸ்பேப்பர் விரிச்சு உன் டிக்ஷனரிய ஏத்தி வெச்சுட்டு படுத்தா, மணி பன்னெண்டு தாண்டிருச்சு.

காலைல கிட்ட போயி பாத்தா வெட்டு ஒரு மெல்லிசு கோடா தெரியுது, ரெண்டடி தள்ளி நின்னா தெரியல. சயின்ஸ் டீச்சர் மொதல்ல பேரத்தான் படிச்சாங்களாம், அப்புறம் நாணல் படத்துக்கிட்ட நின்னு நெறய கேள்வி கேட்டிருக்காங்க, எல்லாத்துக்கும் பதில் சொல்லியிருக்கா. பிரைஸ் அடுத்த வாரம்தான் சொல்லுவாங்களாம்.

ஞாயித்துக்கெழம வீடியோ கால் போடு கண்ணு. நான் எழுதினத பத்தி சொல்லாத, சார்ட்டு பின்பக்கத்த திருப்பிக் காட்டச் சொல்லு, அவளே எல்லாத்தையும் சொல்லுவா.

அப்பா