கோணம் சரி, எந்த இடத்தில் அளந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தோல் நிறத்தை ஆய்வாளர்கள் எப்படி வகைப்படுத்துகிறார்கள் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தோல் ஆய்வகம் ஒன்றில் நிற அளவீடு எடுப்பதுதான் என் வேலை. 'கண்ணால் பார்த்துச் சொன்னால் ஆளுக்கு ஆள் மாறும், கருவி தரும் கோணம் மாறாது' என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் பாதியோடுதான் எனக்கு வழக்கு.

1975-இல் தோல் மருத்துவர் ஃபிட்ஸ்பாட்ரிக் கொண்டுவந்த முறையில், வெயில் பட்டால் தோல் சிவந்து எரியுமா, கருக்குமா என்று ஆளிடமே கேட்டு வகை பிரிப்பார்கள். ஒளிச் சிகிச்சையை எந்த அளவில் தொடங்கலாம் என்று தீர்மானிக்கப் பிறந்த முறை அது. நிறத்தை அளக்க வந்ததல்ல. தோல் நிறத்தை ஒரு கோணமாகச் சொல்லும் ஐ.டி.ஏ. அப்படியில்லை. நிறத்தை எண்களாக அளக்கும் கலர்மீட்டரின் முனையைத் தோலில் வைத்தால் கிடைக்கும் எண்களில் இரண்டை மட்டும் இது எடுத்துக்கொள்கிறது: L* என்பது வெளிச்சம், கருமைக்கு 0, வெண்மைக்கு 100, b* என்பது மஞ்சள் சாயல். கணக்கு இவ்வளவுதான்:

ITA = arctan((L* − 50) / b*) × 180 / π

கோணம் 55-க்கு மேல் போனால் மிக வெளிர் தோல், 41 முதல் 55 வரை வெளிர், 28 முதல் 41 வரை இடைநிலை, 10 முதல் 28 வரை வெயிலில் பழுத்த நிறம், −30 முதல் 10 வரை பழுப்பு, அதற்கும் கீழே கருமை.

இனி ஒரே ஆளை இரண்டு இடத்தில் அளப்போம். மேல்கையின் உட்புறத்தில் L* 58, b* 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். 8-ஐ 18-ஆல் வகுத்துக் கோணமாக்கினால் ஏறத்தாழ 24 பாகை. வெயிலில் பழுத்த நிற வகுப்பு. அவரது புறங்கையில் L* 48, b* 19 இருந்தால் கோணம் −6; பழுப்பு வகுப்பு. கருவி பிழை செய்யவில்லை. உட்கை அவர் பிறப்பில் பெற்ற நிறத்தைச் சொல்கிறது, புறங்கை அதோடு பட்ட வெயிலையும் சேர்த்துச் சொல்கிறது. 'பங்கேற்றவர்களின் ஐ.டி.ஏ. இவ்வளவு' என்று மட்டும் எழுதி, அளந்த இடத்தைச் சொல்லாமல் விடும் ஆய்வுக் கட்டுரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அளந்த இடம் தெரிந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. சிவப்பைக் காட்டும் a* இந்தக் கணக்கில் இல்லவே இல்லை. அரிப்பில் சொறிந்து சிவந்த இடத்தை அளந்தால் ரத்தம் கூடியதால் L* இறங்கும். மேலே சொன்ன உட்கையில் அது 58-இலிருந்து 53 ஆனால், b* அப்படியே இருந்தாலும் கோணம் 9.5 ஆகிவிடும். மெலனின் கடுகளவும் கூடவில்லை, ஆனால் ஆள் பழுப்பு வகுப்புக்குப் போய்விட்டார். தலைகீழாகவும் நடக்கும்: முனையை அழுத்திப் பிடித்தால் ரத்தம் விலகித் தோல் வெளிறி, கோணம் ஏறும். அதனால் புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது அவர்கள் கை அழுத்தத்தைத்தான். ஒரே இடத்தில் அடுத்தடுத்து எடுத்த அளவுகள் சிதறினால், சந்தேகப்பட வேண்டியது தோலை அல்ல, கையை. கருவி இல்லாமல் புகைப்படத்திலிருந்தே கோணம் கணக்கிடுகிறவர்களுக்குத் தொல்லை இன்னும் அதிகம். படம் கொஞ்சம் வெளிச்சமாக விழுந்து L* 63 என்று வந்தால் அதே உட்கை 36 பாகைக்கு ஏறி, இடைநிலை வகுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வகுப்புகளின் அகலத்தையும் பாருங்கள். வெளிர், இடைநிலை இரண்டும் 13, 14 பாகைக்குள் அடங்குகின்றன. பழுப்பு மட்டும் 40 பாகை. −30-க்குக் கீழே வேறு பிரிவே இல்லை. L* 40, b* 14 உள்ளவருக்கு −36, L* 30, b* 10 உள்ளவருக்கு −63, இருவரும் ஒரே வகுப்பு. அதனால் கருந்தோல் உள்ளவர்களை ஆராயும்போது வகுப்பின் பெயரை நம்பாமல் கோணத்தையே எழுதுவது நல்லது. L*, b* இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. பிறகு வருபவர் வேறு விதமாகப் பிரித்துப் பார்க்க அது உதவும்.

கட்டுரையில் சன்ஸ்க்ரீன் பற்றியும் ஒரு வரி இருந்தது. எஸ்.பி.எஃப். எண்ணை மனிதத் தோலில் சோதிக்கும் ஐ.எஸ்.ஓ. 24444 தரநிலையின் 2019 பதிப்பு, ஐ.டி.ஏ. 28-க்குக் குறையாதவர்களைத்தான் சோதனைக்கு எடுக்கச் சொல்கிறது. கருந்தோல் சிவக்கக் கூடுதல் புற ஊதா ஒளி வேண்டும் என்பதால் அதற்கு நியாயம் உண்டு. எஸ்.பி.எஃப். என்பது சன்ஸ்க்ரீன் பூசிய தோல் சிவக்கத் தேவையான ஒளிக்கும் பூசாத தோல் சிவக்கத் தேவையான ஒளிக்கும் உள்ள விகிதம் என்பதால் அந்த எண் நமக்குப் பொருந்தாது என்று சொல்லவும் மாட்டேன். ஆனால் மேலே கண்ட 24 பாகைக்காரரை அந்தச் சோதனையில் சேர்த்திருக்க மாட்டார்கள். இதைக் கட்டுரையாளர் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

இப்படிக்கு,
வாசகி, கோயம்புத்தூர்